அண்டாவின் காது எட்டும் உயரம்

வேன் வாங்கலாமா வேண்டாமா என்று அம்மன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்தேன். வாங்கலாம் என்று வந்தது. எந்த வேன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மனைக் குறை சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லிவிட்டாள்.

நாங்கள் இருப்பது மலாய் நாட்டில், சிங்கப்பூருக்குப் பக்கம், செடெனாக்கில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில். நான் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். படித்தது கொஞ்சம். காலையில் திருநீறு பூசாமல் வாசற்படி தாண்ட மாட்டேன், அவ்வளவுதான் என்னைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. மனைவி வீட்டிலேயே சமைத்து அனுப்புகிறாள். சைவச் சாப்பாடு மட்டும். கெலாங் பாத்தாவில் ஒரு தொழிற்சாலைக்கு வாரநாளில் மதியச் சாப்பாடு, கோயில் அன்னதானம், காதுகுத்து, வீடு குடிபுகும் பூஜை, எப்போதாவது ஒரு கல்யாணம். வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை போட்டு அடுப்பு வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா காய் நறுக்கவும் தூக்கவும் துணைக்கு வருவார்.

சமைப்பதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. சமைத்ததை எங்கள் பழைய காரில் ஏற்றுவதுதான் கஷ்டம். காரின் பின்பெட்டிக்கு முன்னால் ஒரு விளிம்பு இருக்கும். அண்டாவை முதலில் அந்த விளிம்புக்கு மேலே தூக்க வேண்டும், பிறகு குனிந்து உள்ளே இறக்க வேண்டும். இறக்கும்போது அண்டாவின் கனம் முழுவதும் இடுப்பில் வந்து உட்காரும். ஆறேழு வருஷம் இப்படிச் செய்தாள். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

கிளினிக்கில் டாக்டரம்மா படத்தைக் காட்டி, முதுகெலும்பின் அடியில் ஒரு வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார். தேறி வந்த பிறகும் ஒரே எச்சரிக்கைதான் சொன்னார். "கைய இடுப்புக்கு மேல தூக்கிக் கனம் ஏத்தக் கூடாதும்மா. வளைஞ்சு நெளிஞ்சு இறக்கவும் கூடாது. அது முடியாதுன்னா தொழிலை விட்டுருங்க."

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள்: "தொழிலை விட்டுட்டு நான் என்ன பண்றது? உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

அப்படித்தான் வேன் பேச்சு வந்தது. அதாவது, வேன் வாங்கியது சாமானுக்காக இல்லை. அவளுடைய இடுப்புக்காக. இதை நான் இப்போது தெளிவாக எழுதுகிறேன். அப்போது எனக்கு அது அவ்வளவு தெளிவாக இல்லை. வேன் என்றதும் ஆண்பிள்ளைக்குப் புத்தி வேறு பக்கம் போய்விடுகிறது.

மனைவியின் தம்பி சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறவன். போனில் கேட்டேன்.

"மச்சான், சின்னதா வாங்கி மாட்டிக்காதீங்க லா. உசரமா, நீளமா எடுங்க. ஒரே டிரிப்ல கல்யாணத்தையே ஏத்திரலாம்."

"டீசல் வண்டி ஒண்ணு மலிவா வருதுப்பா."

"அலமாக்! டீசல் விலை இப்ப எங்க நிக்குதுன்னு தெரியுமா? அதுவும் நீங்க ஓடுறது துண்டு துண்டா, கிட்டத்துல கிட்டத்துல. எஞ்சின் சூடேறுறதுக்குள்ள போய்ச் சேந்துருவீங்க. டீசலுக்கு அது ஆகாது. பெட்ரோலே எடுங்க."

இதில் பெட்ரோல் என்ற பாதி நல்ல யோசனை. உயரம் என்ற பாதியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பொந்தியான் போகிற சாலையில் பழைய வண்டி விற்கும் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், கடை இருக்கிறது. ஷிப்ட் முடிந்து அங்கே தனியாகப் போனேன். இரண்டு வேன் எங்களுக்குத் தோதாக இருந்தது, இரண்டும் பெட்ரோல். ஒன்று வெள்ளை. உயரமானது. முன்சீட்டுக்கு அடியிலேயே எஞ்சின், அதனால் மூக்கு கிடையாது, சீட்டுக்குப் பின்னால் எல்லாம் இடம்தான். ஒரு ஆள் உள்ளே போய்ப் படுத்துப் புரளலாம். இன்னொன்று சாம்பல் நிறம். காருக்கு முதுகு பெருத்தது போல இருக்கும். எஞ்சினும் முன்னால், இழுக்கிற சக்கரமும் முன்னால். பின்பக்கம் அடியில் சுழலும் தண்டு இல்லாததால் தரை தாழ்ந்து கிடந்தது. அதை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. வெள்ளை வேனைப் பார்த்தபோது கோபுரத்தைப் பார்த்த மாதிரி எனக்குக் கை கூப்பத் தோன்றியது.

ஆனால் நான் ஒன்றும் கண்மூடித்தனமாக வாங்கப் பார்க்கவில்லை. டேப் கொண்டு போயிருந்தேன். நிலத்திலிருந்து வெள்ளை வேனின் தரை வரைக்கும் அளந்தேன். வீட்டுக்கு வந்ததும் டேப்பைக் கீழே ஊன்றி மனைவியின் இடுப்பு வரைக்கும் அளந்தேன். இடுப்புதான் உயரம்.

"பாத்தியா? வேன் தரை உன் இடுப்புக்குக் கீழதான் இருக்கு. டாக்டரம்மா சொன்ன மாதிரியே."

அவள் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னையும் வேனையும் அளந்தாச்சு. அண்டாவ அளந்தீங்களா?"

"அண்டா உள்ள தாராளமா போகும். ஒம்பது அண்டா போகும்."

"அதக் கேக்கல," என்றாள். அடுத்த முறுக்கைப் பிழிந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கட்டுவது என்று முடிவு செய்தேன். காலண்டரில் நாலரைக்கு மேல் ராகு காலம். மூன்று மணி நல்ல ஓரை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தவுக்கே கையில் கொடுக்க வெற்றிலை பாக்குத் தட்டு எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வாசலில் நின்றால், மனைவி காரின் பின்சீட்டில் சாம்பார் அண்டாவை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். காலி அண்டா.

"இது எதுக்கு?"

"வேன் பாக்கத்தானே போறோம்? அதுவும் பாக்கட்டும்."

தவுக்கே அறுபது வயசுக்காரர். அரைக்கால் சட்டை, பெரிய சிரிப்பு. எங்களைப் பார்த்ததும் வெள்ளை வேனின் கதவைத் திறந்து வைத்தார். மனைவி அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நேரே கார் கழுவும் குழாய்க்குப் போனாள். அண்டாவைக் கீழே வைத்து, தளும்ப இடம் விட்டு, கழுத்துவரை தண்ணீர் பிடித்தாள். மூடியைப் போட்டு மூடினாள். நான் வெள்ளைச் சட்டையும் வெற்றிலைத் தட்டுமாக நடுவில் நின்றேன்.

தவுக்கேயின் சிரிப்பு நின்றது. எங்கள் தட்டைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைப் பார்த்தார். என் காதோரம் வந்து மெதுவாக, "இனி செம்பாயாங் கா?" என்றார். இது சாமி கும்பிடுவதா என்று கேட்கிறார்.

என் மனைவி உன் வண்டியைச் சோதிக்கப் போகிறாள் என்று மலாயில் எப்படி மரியாதையாகச் சொல்வது? "ஆமா தவுக்கே, செம்பாயாங்," என்று சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். ஓடிப்போய் ரேடியோவை நிறுத்தினார். வண்டி துடைத்துக்கொண்டிருந்த ஆளைத் தூரப் போகச் சொன்னார். ஆபீசுக்குள்ளிருந்து ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து எங்கள் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நம் ஆட்கள் கோயிலில்கூட அப்படி நிற்பது அபூர்வம்.

"நீங்க அந்தக் காதப் பிடிங்க," என்றாள் மனைவி. அண்டாவின் இரண்டு பக்கமும் இருக்கிற பிடியைக் காது என்போம். அவள் ஒரு காதைப் பிடித்தாள், நான் மறு காதைப் பிடித்தேன். வெள்ளை வேனின் பின்கதவுக்கு நேரே போய் நின்று தூக்கினோம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்டாவுக்குக் காது அடியில் இல்லை. மேலே, வாய்க்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. அண்டாவின் அடிப்பாகம் வேன் தரையைத் தொட வேண்டுமென்றால், காதைப் பிடித்த கை அதற்கு மேலே ஒரு அண்டா உயரம் போக வேண்டும். தரை அவள் இடுப்புக்குக் கீழேதான் இருந்தது. கை நெஞ்சுக்கு மேலே போனது. நான் உயரம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பாதியிலேயே நின்றுவிட்டாள். என் பக்கம் ஏறியது, அவள் பக்கம் ஏறவில்லை. அண்டா சாய்ந்தது. மூடி நகர்ந்து, தண்ணீர் தடதடவென்று அவள் நெஞ்சிலும் வயிற்றிலும் கொட்டியது.

"ஓங்! ஓங்!" என்று தவுக்கே கைதட்டினார். ஓங் என்றால் அதிர்ஷ்டம். தண்ணீர் சீனர்களுக்குப் பணம் மாதிரி. கொட்டினால் அதிர்ஷ்டம் கொட்டுகிறது என்று அர்த்தம். வெள்ளை வேனைச் சாமி தேர்ந்தெடுத்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

நாங்கள் அண்டாவைக் கீழே வைத்தோம். மனைவி நனைந்த துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே, சத்தம் போடாமல் கேட்டாள். "இது கொதிக்கிற சாம்பாரா இருந்திருந்தா?"

வாரநாளில் சாம்பார் ஏற்றுகிற நேரத்தில் நான் தொழிற்சாலையில் இருப்பேன். அந்தப் பக்கம் காதைப் பிடிப்பது பக்கத்து வீட்டு அக்கா. அவரும் இவள் உயரம்தான்.

தவுக்கேக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. "காலியா இருக்கும்போதுதான் உசரம்," என்றார் மலாயில். "சாமான் ஏற ஏற ஸ்பிரிங் இறங்கும். கடைசியில தாழ்ந்துரும்."

"கடைசி அண்டாவ விடுங்க தவுக்கே," என்றாள் மனைவி, அதே மலாயில். "முதல் அண்டாவ யாரு ஏத்துறது?"

பிறகு முன்பக்கம் போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் தரையைத் தடவிப் பார்த்தாள். தவுக்கே காலையில் யாருக்கோ ஓட்டிக் காட்டியிருப்பார் போல, எஞ்சின் சூடு அங்கே இன்னும் இருந்தது. "இங்கதானே தயிர்ப் பாத்திரம் வரும்? கெலாங் பாத்தா போறதுக்குள்ள மோர்க்குழம்பாயிடும்."

மறுபடி தண்ணீர் பிடித்தோம். இந்தத் தடவை சாம்பல் வேன். பின்கதவு மேல்நோக்கித் திறந்து, மழைக்குக் குடை மாதிரி தலைக்கு மேலே நின்றது. காதைப் பிடித்துத் தூக்கினோம். அவள் கை இடுப்பு மட்டத்திலேயே இருந்தது. விளிம்பும் இல்லை. அண்டா தரையில் உட்கார்ந்தது, உள்ளே தள்ளினோம், வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே வரவில்லை.

தவுக்கே முகம் வாடிவிட்டது. "தண்ணி கொட்டலியே," என்றார் பரிதாபமாக. அதிர்ஷ்டமில்லாத வண்டியை எங்கள் தலையில் கட்டுகிறோமோ என்று அவருக்குக் கவலை வந்துவிட்டது போல.

எனக்கு வேறு கவலை. "இதுல சக்கரத்து மேடு ரெண்டு பக்கமும் இடத்தைத் தின்னுது. நாலு அண்டா போகும். தட்டிமுட்டிப் பாத்தா அஞ்சு. கல்யாணம்னா ரெண்டு டிரிப் ஓடணும்."

"மாசத்துல எத்தனை கல்யாணம்? மத்த நாள்ல அந்தப் பெரிய வேன்ல காத்தையா ஏத்திட்டுப் போறது? அந்த எஞ்சின் பெருசு. ரோடு டாக்ஸ் கூட, எண்ணெய் கூட, அந்தப் பாரத்துக்கு டயர் வேற தனி வகை. இதுக்குக் கார் டயர். உதிரிச் சாமான் நம்ம தாமான் வொர்க்‌ஷாப்புலயே கிடைக்கும்." இதையெல்லாம் அவள் எப்போது விசாரித்தாள் என்று எனக்குத் தெரியாது. "ரெண்டு டிரிப் வேன்தானே ஓடப் போகுது? நானா முதுகுல சுமக்கப் போறேன்?"

அவள் சொல்வது சரி என்று எனக்குப் பட்ட அதே நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரை தாண்டிவிட்டது.

"ஆறு மணி வரைக்கும் காத்திருப்போம்," என்றேன். "ராகு காலத்துல பணம் கட்ட வேணாம்மா. உனக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியும். அவளும் ராகு காலத்தில் புது அடுப்பு பற்ற வைக்க மாட்டாள். தவுக்கேயிடம் கேட்டேன். ஞாயிறு கடை சீக்கிரம் மூடுவேன், ஆனாலும் உங்கள் சாமிக்காகத் திறந்து வைக்கிறேன் என்றார். நல்ல மனுஷர். ஆபீஸில் உட்கார வைத்து ஐஸ் தேத்தண்ணி கொடுத்தார்.

கிளாஸில் பாதி குடித்திருப்போம், ஒரு மலாய்க் குடும்பம் வந்தது. கணவனும் மனைவியும். சாலையோரம் காலை நேரத்தில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிறவர்கள் என்று அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. அந்த அம்மா வெள்ளை வேனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே சாம்பல் வேனுக்குப் போய், திறந்திருந்த பின்பக்கம் முதுகைத் திருப்பி நின்று, அப்படியே உட்கார்ந்தார். குதிக்காமல், எம்பாமல், நாற்காலியில் உட்கார்கிற மாதிரி. உள்ளே எங்கள் அண்டா இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"அவங்களுக்கும் இடுப்பு வலி," என்றாள் என் மனைவி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"உக்காந்ததப் பாத்தா தெரியாதா?"

தவுக்கே சங்கடத்தோடு எங்களைப் பார்த்தார். வாய் வார்த்தைக்காக அவர் எவ்வளவு நேரம் பிடித்து வைப்பார்? முன்பணம் யார் கட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் வண்டி. அந்தக் கணவன் பர்ஸை எடுக்கவில்லை, ஆனால் கை சட்டைப்பைப் பக்கம் இருந்தது.

ராகு காலத்தில் கையெழுத்துப் போட்டு ஏதாவது விபத்து என்றால், ஓட்டுகிறவள் அவள். கையெழுத்துப் போடாவிட்டால் வேறு இவ்வளவு தாழ்வான வண்டி எங்கே தேடுவது? பழைய காரின் பின்பெட்டிக்கே திரும்ப வேண்டும், அல்லது அடுப்பை அணைத்துவிட வேண்டும். அம்மா தாயே என்று கண்ணை மூடினேன்.

மனைவி என் முழங்கையை இடித்தாள். "தவுக்கேகிட்ட என்ன சொன்னீங்க? செம்பாயாங்னுதானே?"

"அது... சும்மா ஒரு பேச்சுக்கு."

"சாமி பேர்ல சும்மா சொல்வீங்களா? நீங்க?"

அவள் சாம்பல் வேன் பக்கம் கையைக் காட்டினாள்.

"நிறைகுடம் மாதிரி தண்ணி நிறைச்சு, ரெண்டு பேரும் சேந்து தூக்கி, இந்த வண்டியில வச்சோம். ஒரு சொட்டு சிந்தல. வெத்தல பாக்கு, பழம் எல்லாம் இருந்துச்சு. அது ராகு காலத்துக்கு முன்னாடியா பின்னாடியா?"

"முன்னாடி."

"அப்போ தொடங்கியாச்சு. மிச்சம் கையெழுத்துதான். போங்க."

முன்கூட்டியே தொடங்கிய காரியத்துக்கு ராகு காலத் தடை இல்லை என்று எங்கள் கோயில் குருக்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பயணத்துக்கு நல்ல நேரத்திலேயே பையை வெளியே எடுத்து வைத்துவிடுவது மாதிரி, நாம் எல்லாவற்றுக்கும் செய்கிற ஏற்பாடுதான். ஆனால் ஒரு பொய்யை இப்படி உண்மையாக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. தவுக்கேக்கு அது பூஜை, மனைவிக்கு அது சோதனை, இரண்டுக்கும் நடுவில் நின்ற எனக்குத்தான் ஒன்றும் புரியாமல் இருந்திருக்கிறது. எழுந்து போய்ப் பணத்தைக் கட்டினேன்.

அந்த மலாய் அம்மாவிடம் மனைவி தானே போய் மன்னிப்புக் கேட்டாள். இருவரும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். பேச்சு எதைப் பற்றி என்று காரில் கேட்டேன். இடுப்புக்குக் கட்டுகிற பெல்ட் எங்கே வாங்கினால் நல்லது என்று சொன்னாராம்.

வண்டிக்குப் பரிசோதனை, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்து கைக்கு வந்தது. கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டோம். அன்றைக்குக் குருக்கள் பின்கதவைத் திறந்து பார்த்து, "கொஞ்சம் சின்னதா எடுத்துட்டீங்களோ?" என்றார். மனைவி, "சாமி பாத்து எடுத்துக் குடுத்தது," என்று கும்பிட்டாள். குருக்கள் விபூதித் தட்டை நீட்டினார்.

அவளும் பக்கத்து வீட்டு அக்காவும் வாரநாளில் ஏற்றுகிறார்கள். தரையில் ரப்பர் விரிப்புப் போட்டு, அண்டாக்களை நெருக்கி நிறுத்தி, மூடிகளைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்தில் டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார். உடம்பு தேறியதும் அவள் செய்த முதல் காரியம், முன்பு முடியாது என்று திருப்பி அனுப்பிய பெரிய ஆர்டர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஏற்றுக்கொண்டது. கல்யாணம் மாசத்துக்கு எத்தனை என்று என்னைக் கேட்டவள் அவள்தான்.

போன வாரம் பொந்தியானில் ஒரு கல்யாணம். முதல் டிரிப்பில் அவள் சாம்பார், கூட்டு, ரசத்தோடு போய் மண்டபத்தில் இறங்கிக்கொண்டாள். நான் வீட்டுக்குத் திரும்பி வந்து சோறும் பாயசமும் ஏற்றிக்கொண்டு போனேன். அந்தப் பெரிய வெள்ளை வேனாக இருந்திருந்தால் ஒரே டிரிப் என்று வழியெல்லாம் மனசுக்குள் கணக்குப் போட்டது நிஜம். லாரிக்குப் பின்னால் மாட்டிக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

மண்டபத்தின் பின்வாசலில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் இடுப்பில். ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கை அங்கே இருந்தால் வலி என்று அர்த்தம், நான் ஓடிப்போய் நாற்காலி போடுவேன். இப்போது அவள் நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்ததும் வேன் கண்ணாடியை மெல்ல ஏற்றிவிட்டேன். அப்படியும் கேட்டது.

"சோறு வராம பந்தியில பாதி பேரு எலையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க! எங்க போய் உருண்டுக்கிட்டு வர்றீங்க?"